வெறுங்குழாயில் நடந்த வினை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது, உயிரின் தோற்றம் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். அந்தத் தலைப்பை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் நானூறு கோடி ஆண்டுகளைத் தாண்ட வேண்டும். அதற்கு என்னிடம் வேகம் இல்லை. அதனால் ஒரே ஒரு சோதனைக் குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். எதுவும் நடக்கக் கூடாது என்று வைக்கப்பட்ட குழாய் அது. அதில் நடந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டுக் குழாய் என்று ஒன்றை வைப்போம். நொதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் போடுவோம். நொதி இருக்கும் குழாயில் வினை நடக்க வேண்டும், இதில் நடக்கக் கூடாது. முதுகலை படித்த காலத்தில் என் ஒப்பீட்டுக் குழாயிலும் ஒருமுறை நிறம் வந்தது. நான் அதைக் கழுவி ஊற்றிவிட்டு, பதிவேட்டில் ‘வினை இல்லை’ என்று எழுதினேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். என் குழாயில் இருந்தது அழுக்குப் பிப்பெட்டின் வேலைதான், சந்தேகமில்லை. ஆனாலும் இன்றைய கதையைப் பாடம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் அந்தக் குழாய் நினைவுக்கு வரும்.

கதை நடந்த இடம் அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகம். தாமஸ் செக் 1978இல் அங்கே இளம் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிர் டெட்ராஹைமினா. குளத்து நீரில் மயிரிழைகளை அசைத்து நீந்தும் ஒரு செல் உயிரி. அதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைத் தரும் மரபணு, இந்த உயிரியின் பெரிய உட்கருவில் ஏறத்தாழ பத்தாயிரம் படிகளாகப் பெருகிக் கிடக்கும். ஒரே மரபணுவை அள்ளி எடுத்து ஆராய இதைவிட வசதியான இடம் கிடைக்காது. மரபணு எப்படிப் படியெடுக்கப்படுகிறது என்பதே செக்கின் கேள்வி. உயிரின் தோற்றம் அவர் திட்டத்தில் எங்கும் இல்லை.

அந்த மரபணுவின் நடுவே ஒரு இன்ட்ரான் இருந்தது. இன்ட்ரான் என்றால் இடைச்செருகல். ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது இதுவும் சேர்ந்தே வரும். பிறகு இதை வெட்டி எறிந்து, இரு பக்கமும் உள்ள எக்ஸான்களை ஒட்டினால்தான் ஆர்.என்.ஏ. வேலைக்கு ஆகும். டெட்ராஹைமினாவின் இடைச்செருகல் 413 எழுத்து நீளம். எழுத்து என்று நான் சொல்வது நியூக்ளியோடைடுகளை. இவ்வளவு நீண்ட துண்டை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வெட்டி ஒட்டுவதற்கு ஒரு நொதி இருந்தாக வேண்டும், நொதி என்றால் அது புரதமாகத்தான் இருக்கும் என்று எல்லோரையும் போலச் செக்கும் நினைத்தார்.

அப்படி நினைத்ததில் தவறில்லை. 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்து விதை மாவிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி, அது புரதம் என்று காட்டினார். அப்போது பலர் நம்பவில்லை. 1946இல் நோபல் பரிசு வந்தது. அதன்பின் பிரித்தெடுத்த நொதியெல்லாம் புரதமாகவே இருந்தது. நாளடைவில் ‘எல்லா நொதிகளும் புரதங்களே’ என்ற வாக்கியம் பாடநூலின் முதல் பக்கத்தில் ஏறிவிட்டது. நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான்.

ஆகவே செக்கின் கூடம் அந்த நொதியைத் தேடி இறங்கியது. ஆர்த்தர் ஸாக் என்ற ஆய்வக உதவியாளர் இடைச்செருகல் இன்னும் நீங்காத ஆர்.என்.ஏ.வைக் கதிரியக்க அடையாளத்தோடு பிரித்தெடுத்தார். ஒரு குழாயில் அதோடு உட்கருச் சாற்றைச் சேர்த்தார். நொதி இருந்தால் அந்தச் சாற்றில் இருக்கும். ஒப்பீட்டுக் குழாயில் சாறு இல்லை. உப்பு, மெக்னீசியம், நியூக்ளியோடைடுகள் மட்டும். இரண்டையும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது, இடைச்செருகல் வெட்டுப்பட்டு வந்ததற்கான பட்டை சாறு இருந்த குழாயில் தெரிந்தது. சாறு இல்லாத குழாயிலும் அதே பட்டை, அதே இடத்தில் தெரிந்தது.

குழாயை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் முதலில் எழும் சந்தேகம். ஸாக் திரும்பச் செய்தார். மறுபடியும் அதேதான். பிறகு கரைசலிலிருந்த ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்தார்கள். மெக்னீசியம் இல்லாவிட்டால் வெட்டு நடக்கவில்லை. ஜி.டி.பி. இல்லாவிட்டாலும் நடக்கவில்லை. மற்ற நியூக்ளியோடைடுகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஜி.டி.பி. என்றதும் உயிர்வேதியியல் படித்தவர் மனம் ஆற்றலை நினைக்கும். அதிலுள்ள மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்று பிரிந்து வேலைக்கு ஆற்றல் தருகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பாஸ்பேட்டே இல்லாத வெறும் குவானோசினைப் போட்டபோதும் வினை நடந்தது. ஆற்றல் தருவதற்கு அதில் எதுவும் இல்லை. அப்படியானால் குவானோசின் என்னதான் செய்கிறது? கதிரியக்க ஜி.டி.பி.யைப் போட்டுப் பார்த்தார்கள். வெட்டி எறியப்பட்ட இடைச்செருகலின் தலைப்பக்கத்தில், மரபணுவில் இல்லாத ஒரு ‘ஜி’ ஒட்டிக்கொண்டிருந்தது. குவானோசின் வினையிலேயே பங்கெடுத்திருக்கிறது.

இந்த இடத்தில் சற்று நின்று வினையைப் பார்ப்போம்; இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பு சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறி வரும் சங்கிலி. வெளியிலிருந்து வரும் குவானோசின், தன் சர்க்கரையிலுள்ள ஹைட்ராக்சில் முனையால் முதல் எக்ஸானுக்கும் இடைச்செருகலுக்கும் நடுவிலுள்ள பாஸ்பேட்டைத் தாக்குகிறது. பழைய பிணைப்பு விடுபடுகிறது. குவானோசின் இடைச்செருகலோடு சேர்ந்துகொள்கிறது. இப்போது முதல் எக்ஸானின் வால் முனை சும்மா நிற்கிறது. அது இடைச்செருகலின் மறுமுனைக்குப் போய் அங்குள்ள பாஸ்பேட்டைத் தாக்குகிறது. இரண்டு எக்ஸான்களும் சேர்கின்றன. இடைச்செருகல் கழன்று விழுகிறது. ஒவ்வொரு அடியிலும் ஒரு பிணைப்பு போகும்போதே இன்னொன்று வருகிறது. கணக்குப் பார்த்தால் பிணைப்புகளின் எண்ணிக்கை மாறவே இல்லை. கைமாற்றுதான் நடக்கிறது, செலவு இல்லை. அதனால்தான் வெளியிலிருந்து ஆற்றல் தேவைப்படவில்லை.

ஆனால் இந்தக் கைமாற்றை நடத்தி வைப்பது யார்? ஆர்.என்.ஏ.வே என்று சொல்லிவிட 1981இல் அவர்கள் துணியவில்லை. அந்த ஆண்டுக் கட்டுரையில் இரண்டு வழிகளையும் திறந்தே வைத்தார்கள்: ஆர்.என்.ஏ. தானே செய்யலாம், அல்லது கழுவினாலும் போகாமல் அதோடு இறுகப் பற்றிய புரதம் ஒன்று செய்யலாம். செல்லிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வைக் கொதிக்க வைத்தார்கள், சோப்பு போன்ற எஸ்.டி.எஸ். கரைசலில் இட்டார்கள், ஃபீனாலால் பிரித்தார்கள், புரதத்தைச் செரிக்கும் நொதிகளை ஏவினார்கள். வெட்டு நிற்கவில்லை. ஆனாலும் எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: இவ்வளவையும் தாங்கும் முரட்டுப் புரதம் ஒன்று இருந்தால்? ஒரு பொருள் இருக்கிறது என்று காட்டுவது எளிது. இல்லை என்று காட்ட எவ்வளவு கழுவினாலும் போதாது.

ஆகவே அவர்கள் கழுவுவதை விட்டார்கள். டெட்ராஹைமினாவின் செல்லையே ஒருபோதும் காணாத ஆர்.என்.ஏ.வை உருவாக்க முடிவு செய்தார்கள். இந்த ஆய்வின் அழகு இந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இடைச்செருகல் அடங்கிய மரபணுத் துண்டை ஒரு பிளாஸ்மிடில் செருகி, ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்தார்கள். அந்த டி.என்.ஏ.வைத் தூய்மைப்படுத்தி, ஈ.கோலையின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைக் கொண்டு சோதனைக் குழாயிலேயே ஆர்.என்.ஏ. எடுத்தார்கள். வெட்டு நடக்காத சூழலில் எடுத்து, பாலிமரேஸை நீக்கி, ஜெல்லில் பிரித்தார்கள். டெட்ராஹைமினாவின் புரதம் ஒட்டிக்கொள்ள இதில் எந்தக் கட்டத்திலும் வாய்ப்பில்லை. பிறகு உப்பும் மெக்னீசியமும் ஜி.டி.பி.யும் சேர்த்தார்கள். இடைச்செருகல் வெளியே வந்தது. 1982 நவம்பரில் ‘செல்’ இதழில் வெளியான அந்தக் கட்டுரையில்தான் ‘ரைபோசைம்’ என்ற சொல் பிறந்தது.

அதுவரை ஆர்.என்.ஏ.வை நாடா என்றே நினைத்துப் பழகியிருந்தோம். நாடாவில் எழுத்து இருக்கும், நாடா வேலை செய்யாது. ஆனால் ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. டி.என்.ஏ.வைப் போல எதிர் இழையோடு முழுநீளத்துக்கும் பிணைந்து விறைத்து நிற்பதில்லை. தன் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு இணை சேர்ந்து மடியும். மடிந்ததும் குழிகளும் பள்ளங்களும் தோன்றும். டெட்ராஹைமினா இடைச்செருகலுக்குள் GGAGGG என்ற ஆறு எழுத்து இருக்கிறது. முதல் எக்ஸானின் கடைசி ஆறு எழுத்து CUCUCU. இரண்டும் இணை சேரும்போது, வெட்ட வேண்டிய இடம் சரியாக வினை நடக்கும் குழிக்குள் வந்து உட்காரும். குவானோசினுக்கென்று இன்னொரு குழி உண்டு. அங்கே குவானோசின் பொருந்தும், அடினோசின் பொருந்தாது. பாஸ்பேட்டுகளின் எதிர்மின்சுமையை மெக்னீசியம் அடக்குவதால்தான் இழை இவ்வளவு நெருங்கி மடிய முடிகிறது. வினையின் நடுவிலும் உலோக அயனியின் கை இருக்கிறது. எதுவும் இல்லாமல் தானாக நடப்பதோடு ஒப்பிட்டால், இந்த ஆர்.என்.ஏ. வெட்டை ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு விரைவுபடுத்துகிறது.

எதிர்ப்பாளர்களுக்கு இன்னும் ஒரு நியாயமான வாதம் இருந்தது. நொதி என்பது வேலையை முடித்துவிட்டு, தான் மாறாமல், அடுத்த மூலக்கூறுக்குப் போக வேண்டும். இந்த இடைச்செருகல் தன்னையே வெட்டிக்கொள்கிறது, ஒரே தடவைதான். இதை வினையூக்கி என்று எப்படிச் சொல்வது?

பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஏல் பல்கலைக்கழகத்தில் சிட்னி ஆல்ட்மன் ஆர்.என்.ஏஸ் பி என்ற நொதியை ஆராய்ந்து வந்தார். டி.ஆர்.என்.ஏ.வின் முன்னோடி மூலக்கூறில் தலைப்பக்கத்திலுள்ள வேண்டாத துண்டைச் சீவி எறியும் நொதி அது. அதில் ஒரு புரதமும் 377 எழுத்துள்ள ஒரு ஆர்.என்.ஏ.வும் இருந்தன. புரதம் வேலை செய்கிறது, ஆர்.என்.ஏ. துணைக்கு இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1983இல் ஆல்ட்மன் குழுவும் நார்மன் பேஸின் குழுவும் சேர்ந்து, மெக்னீசியத்தைக் கூட்டி வைத்தால் அந்த ஆர்.என்.ஏ. மட்டுமே வெட்டுகிறது, ஒன்றை வெட்டியபின் அடுத்ததையும் வெட்டுகிறது என்று காட்டின. இங்கே புரதம்தான் துணை.

மறுபக்கம் போல்டரிலேயே கிடைத்தது. வெட்டி எறியப்பட்ட டெட்ராஹைமினா இடைச்செருகல் சும்மா கிடப்பதில்லை. தன் தலையை மேலும் இருமுறை நறுக்கிக்கொண்டு, 19 எழுத்து குறைந்த வடிவத்தில் நிற்கும். இனித் தன்னிடமே வெட்ட எதுவும் இல்லை. 1986இல் ஸாக்கும் செக்கும் இந்தக் குறைந்த வடிவத்துக்கு ஐந்து ‘சி’ எழுத்து மட்டுமே உள்ள குட்டிச் சங்கிலிகளைக் கொடுத்தார்கள். ஒரு சங்கிலியிலிருந்து ஒரு ‘சி’யைப் பிடுங்கி இன்னொன்றில் வைத்தது அது: ஐந்தும் ஐந்தும் நான்கும் ஆறுமாயின. இடைச்செருகல் மாறாமல் அடுத்த சங்கிலிக்குப் போனது. நொதிக்கான இலக்கணம் எல்லாம் பொருந்திவிட்டது. அதோடு, ஆறு எழுத்துச் சங்கிலி என்றால் ஆர்.என்.ஏ. ஒரு எழுத்து நீண்டிருக்கிறது என்று பொருள். ஆர்.என்.ஏ.வை ஆர்.என்.ஏ. வளர்க்கிறது. செக்குக்கும் ஆல்ட்மனுக்கும் 1989இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி பழைய உலகத்துக்கு வருவோம். டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். புரதத்தை உருவாக்க டி.என்.ஏ.வின் செய்தி வேண்டும். முதலில் வந்தது எது? கார்ல் வூஸ், பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் மூவரும் 1960களின் பிற்பகுதியிலேயே தனித்தனியாக ஒரு விடையைச் சொல்லி வைத்தார்கள்: இரண்டு வேலையையும் ஆர்.என்.ஏ.வே செய்திருக்கலாம். எழுத்தைச் சுமப்பதும் அதுவே, வினையை ஊக்குவதும் அதுவே. அப்போது அது வெறும் ஊகம், வினையூக்கும் ஆர்.என்.ஏ. ஒன்றுகூடக் கையில் இல்லை. செக்கும் ஆல்ட்மனும் அதைக் கொடுத்தபின், 1986இல் வால்டர் கில்பர்ட் ‘ஆர்.என்.ஏ. உலகம்’ என்று பெயரிட்டார்.

இங்கே ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். டெட்ராஹைமினாவின் இடைச்செருகலே அந்தப் பழைய உலகத்தின் எச்சம் என்று மேடைகளில் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்த வகை இடைச்செருகல்கள் ஒரு மரபணுத் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. நெருங்கிய உறவுள்ள டெட்ராஹைமினாக்களில்கூட ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. நேற்று வந்து குடியேறியவரை ஊரின் ஆதிக்குடி என்று சொல்ல முடியாது. ஆர்.என்.ஏ.வால் இது முடியும் என்பதற்கு அது சாட்சி. முன்பு இப்படித்தான் நடந்தது என்பதற்கு அது சாட்சியில்லை.

அந்தச் சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் ஆகியோரின் குழு, சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ரைபோசோமின் பெரிய பாகத்தை அணு அளவில் படம்பிடித்தது. அமினோ அமிலங்களைப் புரதமாகக் கோக்கும் இடம் அங்கேதான் உள்ளது. அந்த இடத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குப் புரதம் எதுவும் தென்படவில்லை, இருந்தது ஆர்.என்.ஏ. மட்டுமே. ரைபோசோம் இல்லாத செல்லுயிரி பூமியில் இல்லை. இன்று நம் உடலிலுள்ள ஒவ்வொரு புரதத்தையும் கோத்துத் தருவது ஒரு ரைபோசைம். 2009இல் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதை இங்கே எல்லோரும் அறிவார்கள். அவருடைய முதன்மைப் பங்கு செய்தியைச் சரிபார்க்கும் சிறிய பாகத்தில். கோக்கும் குழி பெரிய பாகத்தில். நம் செய்தித்தாள்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

சரி, ஆர்.என்.ஏ. உலகம் நிரூபணமாகிவிட்டதா? இல்லை. இடர்ப்பாடுகள் பல; இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஆர்.என்.ஏ.வின் உறுதியின்மை. அதன் சர்க்கரையிலுள்ள கூடுதல் ஹைட்ராக்சில், பக்கத்திலுள்ள பாஸ்பேட்டைத் தாக்கித் தன் சங்கிலியையே அறுத்துவிடும். மெக்னீசியம் இதற்குத் துணைபோகும். மடிவதற்கு எது வேண்டுமோ அதுவே உடைக்கவும் செய்கிறது. ரைபோஸ் சர்க்கரையும் நிலையற்றது: நடுநிலை நீரில் 100 டிகிரி வெப்பத்தில் 73 நிமிடங்களில் பாதி சிதைந்துவிடும் என்று ஸ்டான்லி மில்லரின் குழு 1995இல் அளந்தது. கொதிக்கும் ஆதிக்குழம்பு என்று நாம் வரையும் படத்தில் ரைபோஸ் தேங்கவே முடியாது. மடிவதும் எப்போதும் சரியாக அமையாது. டெட்ராஹைமினாவின் ரைபோசைமே சோதனைக் குழாயில் பெரும்பாலும் தவறாக மடிந்து மாட்டிக்கொள்கிறது. வேலை செய்ய வைக்க முன்கூட்டியே சூடாக்கித் தளர்த்த வேண்டியிருக்கிறது. இதே வகை இடைச்செருகல்களில் சில, புரதம் ஒன்று பிடித்துக்கொடுத்தால்தான் சரியாக மடிகின்றன.

இரண்டாவது, படியெடுப்பு. பழைய உலகம் நடந்திருக்க வேண்டுமானால், ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. ஒன்று வேண்டும். இயற்கையில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை, செய்துதான் பார்க்கிறார்கள். 1993இல் டேவிட் பார்ட்டலும் ஜாக் ஷோஸ்டக்கும் ஒழுங்கற்ற எழுத்து வரிசைகளின் பெருங்கூட்டத்திலிருந்து, ஆர்.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் ரைபோசைமைச் சலித்தெடுத்தார்கள். அதன் வழிவந்த ஒன்று 2001இல் 14 எழுத்துவரை படியெடுத்தது. 2011இல் கேம்பிரிட்ஜில் பிலிப் ஹோலிகரின் குழு அதை 95 ஆக்கியது, அதுவும் அச்சு வரிசை தோதாக அமைந்தபோது. படியெடுத்த ரைபோசைமின் நீளமோ அதைப்போல இரு மடங்கு. அதன்பின் நீளமும் துல்லியமும் கூடி வருகின்றன; சிறிய ரைபோசைம்களும் கிடைத்து வருகின்றன. ஆனாலும் இவையெல்லாம் தூய்மைப்படுத்திய பொருள்களைக் கையால் அளந்து ஊற்றும் குழாய்களில் நடப்பவை. குளத்தோரத்தில் ஊற்றிக் கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என் தீர்ப்பை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன். புரதங்கள் பெருகுவதற்கு முன் ஆர்.என்.ஏ. மரபணுவாகவும் வினையூக்கியாகவும் இருந்த ஒரு காலம் உண்டு என்பதை ரைபோசோமின் குழியைப் பார்த்தபின் என்னால் மறுக்க முடியவில்லை. உயிர் ஆர்.என்.ஏ.விலிருந்தே தொடங்கியது என்பதை ஏற்க எனக்கு இன்னும் ஆதாரம் போதவில்லை. அதற்கு முன்பே வேறு ஏதோ இருந்து, ஆர்.என்.ஏ. பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம்.

கேள்வி நேரத்துக்குக் கால்மணி ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் சொன்னார். இந்தத் தீர்ப்பின் இரண்டாவது பாதியை மறுப்பவர்கள் முதலில் எழுந்தால் மகிழ்வேன்.